மூடிய தொட்டிக்கு ஒரு மூச்சுப் போத்தல்

பல்லேகலையில் டிரான்ஸ்போமர் பழுது பார்க்கும் ஒரு வேலைத்தளத்தில் நான் நெடுங்காலம் இருந்தேன். அங்கே வெல்டிங் வேலைக்குத் தலைமையாக ஒருவர் இருந்தார். கைவேலைக்காரரை எங்கள் பக்கத்தில் பாஸ் என்போம். அவரையும் அப்படித்தான் கூப்பிட்டோம். அவர் என்னிடமிருந்து ஒரு வேலையைப் பறித்தார். பறித்ததை நான் மறக்கவில்லை. அவர் விழுவதை என் கண்ணால் பார்க்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே அவர் பக்கத்தில் நின்று வேலை செய்தேன்.

நான் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவன். அதைவிடப் பெரிய குறை என் கூச்சம். இரண்டு பேர் நின்று பார்த்தால் எனக்கு வாய் வராது. அப்படிப்பட்டவனுக்கு வேலைத்தளத்து முதலாளி ஒரு நல்ல வேலை கொடுத்திருந்தார். கண்டியைச் சுற்றியுள்ள தேயிலைத் தொழிற்சாலைகள், மரம் அறுக்கும் இடங்கள், நூல் ஆலைகள் எல்லாவற்றிலும் எங்கள் பொறுப்பில் இருந்த டிரான்ஸ்போமர்களின் மூச்சுப் போத்தல்களை மாற்றுவது. ஒரு பையைத் தோளில் போட்டுக்கொண்டு பஸ் ஏறுவேன். நாவலப்பிட்டியில் இறங்கி மலை ஏறுவேன். வேலையை முடித்துவிட்டுத் திரும்புவேன். யாரோடும் பேச வேண்டியதில்லை. கேட்டில் நிற்பவர் தலையசைத்தால் நானும் தலையசைப்பேன், அவ்வளவுதான்.

அந்தக் காலத்து டிரான்ஸ்போமர்களுக்குத் தொட்டிக்கு மேலே படுத்த வாக்கில் ஓர் உருளை இருக்கும். நாங்கள் டிரம் என்போம். தொட்டி முழுக்க எண்ணெய். டிரம்மில் பாதியளவு எண்ணெய். தொழிற்சாலை ஓடும்போது உள்ளே சூடு ஏறும், எண்ணெய் பெருக்கும். பெருத்த எண்ணெய் குழாய் வழியாக டிரம்முக்கு ஏறும். அங்கே இருந்த காற்று வெளியே போகும். இயந்திரங்கள் நின்று சூடு தணிந்ததும் எண்ணெய் சுருங்கி இறங்கும், டிரம் வெளிக்காற்றை உள்ளே இழுக்கும். அந்தக் காற்று வரும் வழியில்தான் போத்தல் தொங்கும். அதற்குள் நீல நிறக் கல். காற்றிலிருக்கும் ஈரத்தை அது குடித்துக்கொள்ளும். குடிக்கக் குடிக்க இளஞ்சிவப்பாகும். போத்தலின் அடியில் ஒரு சின்னக் கிண்ணத்தில் எண்ணெய் இருக்கும். காற்று போய் வராமல் கல் சும்மா இருக்கும் நேரத்தில் வெளி ஈரம் கல்லைத் தொடாமல் அந்த எண்ணெய் காக்கும். சிவந்த கல்லை நான் கொண்டுவந்து தாச்சியில் மெல்லிய நெருப்பில் வறுப்பேன். மறுபடி நீலமாகும். மலைநாட்டு மழையில் கல் வெகு சீக்கிரம் சிவந்துவிடும். அதனால் எனக்கு வேலை குறைந்ததேயில்லை.

ஒரு மழைக்காலத்தில் நாவலப்பிட்டிக்கு மேலே ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் போத்தலைப் பார்த்தேன். கல் நீலமாகவே இருந்தது. விடாமல் மழை பெய்கிற ஊரில் நீலக்கல் எப்படி நீலமாகவே இருக்கும்? கழற்றிப் பார்த்தேன். போத்தலும் குழாயும் சேரும் இடத்தில் ரப்பர் வளையம் இல்லை. காற்று கல் வழியாகப் போகாமல் அந்த இடைவெளியால் போய் வந்திருக்கிறது. எனக்கு முன்னால் அங்கே கை வைத்தவர் பாஸ்தான். டிரம்மைத் தாங்கும் கால் வெடித்திருந்ததை ஒட்டுவதற்காகப் போத்தலைக் கழற்றியிருந்தார். திருப்பிப் பூட்டும்போது வளையத்தைப் போடவில்லை. நான் என் பையிலிருந்த வளையத்தைப் போட்டுவிட்டு வந்தேன். ஆனால் அதற்குள் எண்ணெய்க்கு ஈரம் ஏறிவிட்டிருந்தது. அடுத்து கொழுந்து நிறைய வந்து தொழிற்சாலை ஓயாமல் ஓடிய நாட்களில் அந்த டிரான்ஸ்போமர் உள்ளே வெடித்து நின்றுபோனது.

முதலாளி எங்கள் எல்லாரையும் கூப்பிட்டார். நான் சொல்ல வேண்டியதைக் கோர்த்துக்கொண்டிருந்தேன். பாஸ் முந்திக்கொண்டார்.

“கல்லு மாத்துறவன் ஒழுங்கா மாத்தியிருந்தா ஈரம் எப்படி முதலாளி போகும்? இவன் மலைக்குப் போறானா, இல்ல பஸ் ஸ்டாண்டுல தூங்கிட்டு வாறானான்னு யாருக்குத் தெரியும்?”

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். ரப்பர் வளையம் என்ற சொல் என் தொண்டைக்குள் இருந்தது. வெளியே வரவில்லை. முதலாளி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “சரி, இனிமே நீ இங்கேயே நில்லு” என்றார்.

அன்று முதல் நான் துருச் சுரண்டுபவன். பழுதுக்கு வரும் பழைய தொட்டிகளின் பக்கக் குழாய்களுக்குள் கம்பி பிரஷை விட்டுச் சுரண்ட வேண்டும். துரு மூக்கில் ஏறும், கண்ணில் விழும். பாஸ் வெல்டிங் மேசைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பிளேன்டீ குடித்தபடி என்னைப் பார்த்துச் சிரிப்பார். “ஊமைத்துரை, இந்த மூலையில் இன்னும் இருக்குப்பா” என்பார். மற்றவர்களும் சிரிப்பார்கள். சாயங்காலம் போகும்போது அவர் விரலால் குழாயைத் தடவி, ஒட்டிய துருவை என் சட்டையில் துடைத்துவிட்டுப் போவார். ஒவ்வொரு நாளும்.

நான் காத்திருந்தேன். கூச்சமுள்ளவனுக்குக் காத்திருப்பது கஷ்டமில்லை.

பிறகு குண்டசாலைப் பக்கம் ஓர் ஆடைத் தொழிற்சாலை புது மாதிரி டிரான்ஸ்போமர் ஒன்றை வாங்கியது. மேலே டிரம் இல்லை. போத்தலும் இல்லை. தொட்டியின் நான்கு பக்கமும் மெல்லிய தகட்டை மடித்து மடித்து, ஆர்மோனியத்தின் துருத்தி போல அமைத்திருந்தார்கள். அதைத் தூணில் ஏற்றாமல் கொங்கிரீட் மேடையில் இறக்க நாங்கள் போனோம். விற்ற கம்பெனியிலிருந்து யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவர் வந்திருந்தார். நான் மடிப்புகளைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தேன். பாஸ் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

“என்னங்க இது, மூக்கே இல்ல. எங்க வழியா மூச்சு விடும்?”

“இதுக்கு மூச்சு வேண்டாம்” என்றார் வந்தவர். “உள்ளுக்குக் காத்தே இல்லை. வாய் வரைக்கும் எண்ணெய். சூட்டிலை எண்ணெய் பெருத்தா இந்த மடிப்பெல்லாம் கொஞ்சம் கொஞ்சம் உப்பும். ஆறினா திரும்பச் சுருங்கும். காத்துப் படாதபடியா எண்ணெயும் கெடாது, ஈரமும் ஏறாது.”

“அளவுக்கு மிஞ்சி உப்பினா?”

“ஓம், அதுக்குத்தான் மேல அந்த வால்வு. அழுத்தம் அளவு தாண்டினா தானாத் திறக்கும். நீங்கள் ஒண்டும் செய்ய வேண்டாம். இந்த மூடியை மட்டும் திறந்து போடாதேங்கோ. எண்ணெய் விட்ட வாய் அது. பூட்டி முத்திரை வச்சிருக்கு.”

மேலே ஒரு சின்னக் கண்ணாடிக் குமிழில் சிவப்பு மிதவை இருந்தது. எண்ணெய் நிறைந்திருக்கும்வரை அது மேலே நிற்கும் என்றார். பாஸ் அதற்குள் சிகரட் பற்ற வைக்க வெளியே போய்விட்டார்.

எனக்கு இது எப்படி உப்பும் என்று பார்க்க ஆசை. அந்தத் தொழிற்சாலையில் எங்களுக்கு வேறு வேலையும் இருந்ததால் பல நாட்கள் அங்கே போனோம். வேலியோரமாகக் கிடந்த ஒரு மெல்லிய மரச்சட்டத்தைச் சீவி, இரண்டு மடிப்புகளுக்கு நடுவில் இறுக்கமாக நுழையும்படி செய்தேன். காலையில் சுலபமாக நுழையும். மத்தியானம் உள்ளே தையல் இயந்திரங்கள் எல்லாம் ஓடி இரைச்சல் வரும் நேரத்தில் சட்டம் பாதியில் நின்றுவிடும். மடிப்பு இரண்டும் உப்பி இடைவெளியைக் குறைத்துவிட்டன. சாயங்காலம் இயந்திரங்கள் ஓய்ந்து நேரம் போனதும் மறுபடி நுழையும். பழையதில் எண்ணெய் மேலே ஏறி இடம் தேடும். இதில் தொட்டியே விலகி இடம் கொடுக்கிறது. இதற்குப் போத்தல் மாற்றுகிறவன் தேவையில்லை என்பதும் எனக்குப் புரிந்தது. என் வேலை திரும்பி வந்தாலும், இந்த மாதிரித் தொட்டிகள் பெருகினால் அது தேய்ந்துபோகும். அது வேறு கவலை.

மாசி பங்குனி வெயிலில் அந்தத் தொழிற்சாலைக்கு அவசர ஓர்டர் வந்தது. பகல் முழுக்க இயந்திரங்களை ஓய்வில்லாமல் ஓட்டினார்கள். அங்கே மின்சார வேலை பார்த்தவர் மடவளைப் பக்கத்து முஸ்லிம் மனிதர். நாங்கள் நானா என்போம். அவர் மடிப்புகள் உப்பி நிற்பதைக் கண்டு பயந்து எங்களுக்குப் போன் போட்டார். பாஸும் நானும் போனோம். நான் சாமான் தூக்க.

“பாருங்க, வயிறு வீங்கின மாதிரி நிக்கிது” என்றார் நானா. “வெடிச்சா என்ட கழுத்துக்குத்தான் வரும்.”

பாஸ் தொட்டியில் கை வைத்தார். “மூச்சு முட்டுது. நான் அன்னைக்கே சொன்னேன், மூக்கில்லாத மிருகம்னு. ஒரு மூச்சுப் போத்தல் பூட்டிவிட்டா சரியாயிரும்.”

நான் வாயைத் திறந்தேன். “அது உப்பத்தான் செய்யும், நானா. மூடியைத் திறக்கக் கூடாதுன்னு கம்பெனி ஆள் சொன்னாரு.”

நானா என்னைப் பார்த்தார். அவர் என் குரலை முதல் தடவை கேட்டிருப்பார். பாஸ் என் தோளில் கை போட்டு ஓரமாகக் கூட்டிப் போனார்.

“டேய், உனக்குத்தான் நல்லது செய்றேன். இதுல போத்தல் இருந்தா மாசா மாசம் கல்லு மாத்த ஆள் வரணும். அந்த ஆளு நீதான்னு முதலாளிகிட்ட நான் சொல்றேன். துருவ விட்டு வெளிய வந்துருவ. வாய மூடிக்கிட்டு அந்த ஸ்பேனரை எடு.”

எனக்கு அந்த வேலை வேண்டும். மழையில் நனைந்தபடி தனியாக மலை ஏறும் அந்த வேலை எனக்கு எவ்வளவு வேண்டும் என்று அவருக்கும் தெரிந்திருந்தது. ஆனால் பறித்தவன் கையால் பிச்சையாக அது வேண்டாம். நான் ஸ்பேனரை எடுக்கவில்லை. அவரே போய் எடுத்துக்கொண்டார்.

மின்சாரத்தை நிறுத்தச் செய்து மூடியின் முத்திரையை உடைத்தார். சூடான எண்ணெய் பொங்கி அவர் முழங்கை வரை வழிந்தது. மடிப்புகள் மெல்லத் தளர்ந்தன. “கண்டீங்களா நானா, எப்படி மூச்சு விடுதுன்னு!” என்று பெருமையாகச் சொன்னார். வளைந்த குழாய் ஒன்றை அந்த வாயில் பூட்டி, அதன் நுனியில் நீலக்கல் போத்தலைத் தொங்கவிட்டார். பார்ப்பதற்கு அழகாகத்தான் இருந்தது. நானா கும்பிடாத குறை.

மறுநாள் காலை நானாவிடமிருந்து மறுபடி போன். கண்ணாடிக் குமிழில் சிவப்பு மிதவை இறங்கிவிட்டது. இறங்காமல் என்ன செய்யும்? இரவில் எண்ணெய் ஆறிச் சுருங்கியது. முன்பு என்றால் மடிப்புகளும் கூடவே சுருங்கியிருக்கும். இப்போது வழி திறந்திருக்கிறது, வெளிக்காற்று உள்ளே வந்து அந்த இடத்தில் உட்கார்ந்துகொண்டது. பழைய டிரம் தொட்டியில் எண்ணெய் குறைந்தால் விடுவது போல, பாஸ் ஆலை ஓடத் தொடங்கும் முன்பே போய் மின்சாரத்தை நிறுத்தி, ஆறிக்கிடந்த தொட்டியை வாய் வரை எண்ணெய் விட்டு நிரப்பினார். மிதவை மேலே வந்தது. நான் வாளியைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். அப்போதே எனக்கு உள்ளுக்குள் ஒரு குளிர்ச்சி. இனி அவர் தப்ப முடியாது.

வேலைத்தளத்துக்குத் திரும்பியபோது எல்லாரும் தேநீருக்குக் கூடியிருந்தார்கள். முதலாளியும் நின்றார். பாஸ் கதை சொல்லிக்கொண்டிருந்தார். நான் அந்த இடத்தைத்தான் விரும்பினேன். அவர் என்னை அழித்தது எல்லாரும் நின்ற இடத்தில். கூட்டத்துக்கு நடுவில் போய் நின்றேன்.

“முதலாளி” என்றேன். “இன்னைக்குப் பகல் வேலை ஏறினதும் அந்தப் போத்தல் வழியா எண்ணெய் கொட்டும்.”

எல்லாரும் திரும்பினார்கள். பாஸ் சிரித்தார். “ஊமைத்துரை பேசுது! ஏன் கொட்டுமாம்?”

“ஆறின தொட்டிய வாய் வரைக்கும் ரொப்பியிருக்கீங்க. சூடு ஏறினா எண்ணெய் பெருக்கும். மேல டிரம் இல்ல, ஏறி நிக்க இடமில்ல. வாய் திறந்திருக்கு, அப்புறம் எண்ணெய் ஏன் அந்தத் தகட்டப் போய்த் தள்ளப் போகுது? சுலபமான வழியில வரும்.”

“நீ வந்து எனக்குப் பாடம் எடுக்கிற.” அவர் முகம் சிவந்துவிட்டது. “முதலாளி, எல்லாரும் கேட்டுக்குங்க. ஒரு சொட்டு அந்தப் போத்தல்ல வந்துச்சுன்னா இவன் சுரண்டுற வேலைய நான் செய்றேன். இவன் மலைக்குப் போகட்டும். வரலேன்னா இவன் இன்னைக்கே மூட்டையக் கட்டணும். சரியாடா?”

“சரி” என்றேன்.

“பாஸ், இது என்ன சின்னப்பிள்ளை விளையாட்டு” என்றார் முதலாளி. ஆனால் வேண்டாம் என்று சொல்லவில்லை.

அன்று நான் சோறு சாப்பிடவில்லை. பிரஷை வைத்துக்கொண்டு ஒரே குழாயைச் சுரண்டிக்கொண்டிருந்தேன். என் கணக்குத் தப்பினால் நான் வீட்டுக்குப் போக வேண்டும். அந்தப் பயம் இருந்தது. வெயில் ஏற ஏற அந்தப் பயத்தோடு சந்தோஷமும் ஏறியது. வானத்தில் ஒரு மேகம் வந்தால் எனக்குக் கோபம் வந்தது.

பின்னேரம் போன் அடித்தது. முதலாளி எடுத்தார். நானாவின் குரல் எங்களுக்கு வெளியே வரை கேட்டது. போத்தல் நிரம்பி எண்ணெய் தொட்டி மேலெல்லாம் வழிகிறதாம். மின்சாரத்தை வெட்டிவிட்டார்களாம். தையல்காரப் பிள்ளைகள் எல்லாம் வெளியே நிற்கிறார்களாம்.

நாங்கள் எல்லாரும் வேனில் போனோம். நீலக்கல் எண்ணெயில் ஊறிக் கறுத்துப்போயிருந்தது. இனி அது ஈரத்தையும் குடிக்காது, ஒன்றையும் குடிக்காது. மடிப்புகள் உப்பவேயில்லை. நான் என் மரச்சட்டத்தை நுழைத்துக் காட்டினேன். சுலபமாகப் போனது. முதலாளி குனிந்து அதைப் பார்த்தார். பாஸ் தள்ளி நின்றார்.

அடுத்த நாள் கம்பெனிக்கார யாழ்ப்பாணத்து மனிதர் வந்து போத்தலைக் கழற்றிக் கையில் எடுத்தார். பிறகு கேட்டார், “ஆர் இந்த வேலை செய்தது?” அந்தத் தொட்டியைக் கழற்றிக் கொண்டுபோனார்கள். ஈரத்தை உலர்த்தி, காற்றை முழுக்க இழுத்தெடுத்து, மறுபடி எண்ணெய் விட்டு மூட வேண்டுமாம். அதுவரைக்கும் எங்கள் பழைய டிரம் தொட்டி ஒன்றை அங்கே வைத்தோம். அதன் போத்தலுக்குக் கல் போட்டது நான்.

முதலாளி பாஸை வீட்டுக்கு அனுப்ப நினைத்தார். நான் அவர் அறைக்குப் போனேன். அந்த அறைக்குள் நானாகப் போனது அதுதான் முதல் தடவை.

“அனுப்பாதீங்க முதலாளி. அவர் சொன்ன சொல்லு இருக்கு. எல்லாரும் கேட்டாங்க.”

“நீ இப்படிப்பட்ட ஆள்னு தெரியாது” என்றார் முதலாளி. எனக்கு அது பாராட்டாகவே கேட்டது.

பாஸ் சுரண்டினார். வேறு இடத்தில் அந்த வயதில் யார் எடுப்பார்கள்? நான் பையைத் தோளில் போட்டுக்கொண்டு நாவலப்பிட்டிக்கும் பேராதனைக்கும் போய்வந்தேன். சாயங்காலம் திரும்பியதும் முதல் வேலை, அவர் சுரண்டிய குழாயை விரலால் தடவிப் பார்ப்பது. “பாஸ், இந்த மூலையில் இருக்கு” என்பேன். சத்தமாகச் சொல்ல மாட்டேன். என் குரல் அவ்வளவுதான். ஆனால் எல்லாரும் அமைதியாக இருப்பதால் எல்லாருக்கும் கேட்கும்.

ஒருநாள் முதலாளி என்னைத் தனியாகக் கூப்பிட்டார். “வெல்டிங்குக்கு ஆள் போதல. அவனைத் திருப்பிப் போடவா? போதும்தானே?”

“போதாது முதலாளி” என்றேன். “நாவலப்பிட்டியில ரப்பர் வளையத்தைப் போடாம விட்டது யாருன்னு அவர் வாயால சொல்லட்டும். அன்னைக்குப் போதும்.”

முதலாளி அவரைக் கூப்பிட்டு, எல்லாரும் நிற்கக் கேட்டார். பாஸின் கண் இமையில் துரு ஒட்டியிருந்தது. அவர் என்னைப் பார்த்தார், முதலாளியைப் பார்த்தார். சொல் அவர் தொண்டையில் நிற்பது எனக்குத் தெரிந்தது. அந்த இடம் எனக்கு நன்றாகப் பழக்கம்.

“என்ன வளையம்? எனக்கு ஒண்ணும் தெரியாது” என்றார். குனிந்து பிரஷை எடுத்துக்கொண்டு தொட்டிக்குத் திரும்பிப் போனார்.

அதன் பிறகும் அவர் சுரண்டினார். சொல்வதைவிடச் சுரண்டுவது அவருக்குச் சுலபமாக இருந்தது. மழைக்காலம் தொடங்கி கல் சிவக்க ஆரம்பித்த ஒரு காலையில் அவர் வரவில்லை. மாத்தளைப் பக்கம் இரும்புக் கேட் செய்யும் கடையில் சேர்ந்துவிட்டார் என்றார்கள். வஞ்சம் தீர்ந்தால் மனசு வெறுமையாகிவிடும் என்று சிலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். எனக்கு அப்படி ஒன்றும் ஆகவில்லை. அன்று நாவலப்பிட்டி மலையில் ஒரு தொழிற்சாலைச் சுவரோரம் உட்கார்ந்து, கட்டிக்கொண்டு போன சோற்றை ஒரு பருக்கை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டேன்.